மூன்று பேர் மட்டும் கை உயர்த்திய வகுப்பு

வகுப்பில் ஒருசிலர் மட்டுமே விடை சொல்லும் பிரச்சினை ஒருவழியாகத் தீர்ந்தது. கிளிநொச்சியில் நான் படிப்பிக்கும் தரம் 10 விஞ்ஞான வகுப்பு. எந்தக் கேள்விக்கும் முன்வாங்குப் பிள்ளைகள் மூன்று பேர்தான் கை உயர்த்துவார்கள். பெயர் சொல்லிக் கேட்டால் மற்றவர்கள் எழும்பி நின்று தலையைக் குனிவார்கள். சோடியாகக் கதைக்கவிட்டால் கெட்டிக்காரப் பிள்ளை சொல்ல, மற்றது தலையாட்டும்.

பிறகு, "இரணைமடுக் குளக்கட்டு அடியில் ஏன் அகலம்?" என்று கேட்டு, கை உயர்த்தவிடாமல் ஒரு நிமிடம் கொப்பியில் எழுதச் சொன்னேன். அதன்பிறகே சோடி. வகுப்புக்குச் சொல்லும்போது தன் விடையையல்ல, பக்கத்துப் பிள்ளை சொன்னதைச் சொல்ல வேண்டும். இதுதான் வேலை செய்தது. பிழைத்தாலும் வெட்கமில்லை, காதுகொடுக்காமல் இருக்கவும் ஏலாது.

பலர் கவனிக்காதது விடைக்குப் பிறகான காத்திருப்பு. "தண்ணி தள்ளும்" என்று ஒரு பிள்ளை நிறுத்தியது. "சரி" என்று சொல்லாமல் மனதுக்குள் மூன்று வரை எண்ணினேன். "ஆழம் கூட அமுக்கம் கூடும், சேர்" என்று அதே பிள்ளை தொடர்ந்தது. வெறும் அலகு, குறியீடு கேட்கும் கேள்விகளுக்கு இந்தக் காத்திருப்பு வீண்.