சிங்கப்பூர் வந்தாச்சு, சென்னை வீட்டுக் கடனின் வரிச்சலுகை என்ன ஆகும்?

வேலை மாறி சிங்கப்பூருக்குப் புதிதாக வருகிறவர்களில் நிறைய பேர் ஊரில் ஒரு ஃபிளாட்டையும் அதன் மேல் ஓடிக்கொண்டிருக்கும் வீட்டுக் கடனையும் விட்டுவிட்டுத்தான் விமானம் ஏறுகிறார்கள். இங்கே வந்து முதல் ஏப்ரலில் சிங்கப்பூர் வரித்துறையான ஐராஸ் கணக்கு கேட்கும்போது, "ஊரில் கட்டும் வட்டியை இங்கே காட்டலாமா?" என்ற கேள்வி வரும். முடியாது. சிங்கப்பூர் வருமான வரியில் வீட்டுக் கடன் வட்டியைச் சம்பளத்திலிருந்து கழிக்க இடமே இல்லை. இங்கே ஒரு வீடு வாங்கி வாடகைக்கு விட்டால், அந்த வாடகையிலிருந்து அந்தக் கடனின் வட்டியைக் கழிக்கலாம். அவ்வளவுதான். அசலுக்கு அதுவும் கிடையாது. இன்னொரு பக்கம், தனிநபருக்கு இந்தியாவிலிருந்து வரும் வாடகைக்குச் சிங்கப்பூர் வரி போடுவதில்லை. ஆக, சென்னை வீட்டின் கணக்கு முழுக்க முழுக்க இந்தியாவில் முடிய வேண்டிய கணக்கு.

இந்தியாவில் முதலில் பார்க்க வேண்டியது நீங்கள் கிளம்பிய தேதி. நிதியாண்டு ஏப்ரல் 1-ல் தொடங்கி மார்ச் 31-ல் முடிகிறது. வேலைக்காக வெளிநாடு போகும் இந்தியக் குடிமகன் அந்த ஆண்டில் 182 நாளுக்குக் குறைவாக இந்தியாவில் இருந்திருந்தால், அந்த ஆண்டு முழுவதற்கும் அவர் என்ஆர்ஐ. ஆகஸ்டில் கிளம்பியவருக்கு இது பொருந்தும். நவம்பரில் கிளம்பியவர் அந்த ஆண்டுக்கு இந்தியாவில் வசிப்பவராகவே கருதப்படுவார். சிங்கப்பூரில் வாங்கிய நவம்பர் முதல் மார்ச் வரையிலான சம்பளத்தையும் இந்தியக் கணக்கில் காட்ட வேண்டியிருக்கும். பாஸ்போர்ட்டில் விழுந்த முத்திரைத் தேதியைப் பார்த்து நாள் எண்ணிக்கொள்ளுங்கள்.

என்ஆர்ஐ ஆகிவிட்டால் சிங்கப்பூர் சம்பளத்துக்கு இந்தியாவில் வரி இல்லை. அதனாலேயே வீட்டுக் கடன் சலுகையின் குணமும் மாறிவிடுகிறது. ஊரில் இருந்தவரை அது உங்கள் சம்பள வரியைக் குறைத்தது. இப்போது இந்தியாவில் உங்களுக்கு இருக்கும் வருமானத்தை மட்டும்தான் அது குறைக்கும். பெரும்பாலானவர்களுக்கு அந்த வருமானம் இரண்டுதான்: அந்த வீட்டின் வாடகை, என்ஆர்ஐ-க்கான என்ஆர்ஓ வங்கிக் கணக்கில் இருக்கும் டெபாசிட் வட்டி.

கடனின் இரண்டு பாகங்களும் இரண்டு வேறு பிரிவுகளில் வருகின்றன. வட்டி 24(பி) பிரிவில், வீட்டு வருமானத்திலிருந்தே நேராகக் கழிகிறது. அசல் 80சி பிரிவில், பிஎஃப், எல்ஐசி எல்லாம் சேர்ந்த 1,50,000 ரூபாய் வரம்புக்குள், மற்ற கழிவுகள் எல்லாம் போன பிறகு மிஞ்சும் வருமானத்திலிருந்து கழிகிறது. வட்டியை அந்த ஆண்டுக்குச் சேர வேண்டியது என்ற கணக்கில் எடுக்கலாம். மார்ச் மாதத் தவணை ஏப்ரலுக்குத் தள்ளிப்போனாலும் மார்ச் வட்டி அந்த ஆண்டுக்கே உரியது. அசல் அப்படியில்லை. பணம் உண்மையில் கட்டிய ஆண்டில்தான் அதைக் காட்ட முடியும். (2026 ஏப்ரல் 1 முதல் 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2025-ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் வருவதால் பிரிவு எண்களும் படிவ எண்களும் மாறுகின்றன. இங்கே சொல்வது 2025-26 நிதியாண்டின் கணக்கு. அது பழைய எண்களின்படிதான்.)

சரி, ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பெருங்குடியில் ஒரு ஃபிளாட், ஆண்டு முழுக்க வாடகைக்கு விட்டிருக்கிறது. மாதம் 25,000 வீதம் ஆண்டுக்கு 3,00,000 ரூபாய். மாநகராட்சிக்குச் சொத்து வரி இரண்டு அரையாண்டுக்கும் சேர்த்து 10,000 கட்டியாயிற்று. மிச்சம் 2,90,000. இதில் 30 சதவீதம், அதாவது 87,000, பராமரிப்புக்கென்று சட்டமே கழித்துக் கொடுக்கிறது. ரசீது எதுவும் வேண்டாம். இப்போது 2,03,000. வங்கிச் சான்றிதழ்படி அந்த ஆண்டு வட்டி 3,20,000. வாடகைக்கு விட்ட வீட்டுக்கு வட்டியில் 2 லட்ச உச்சவரம்பு கிடையாது, முழுவதையும் கழிக்கலாம். கழித்தால் 1,17,000 ரூபாய் நட்டம்.

இவருக்கு என்ஆர்ஓ டெபாசிட் வட்டியாக 60,000 வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பழைய வரி முறையைத் தேர்ந்தெடுத்தால் வீட்டு நட்டத்தை இந்த வட்டியோடு ஈடு கட்டலாம். ஓர் ஆண்டில் இப்படி 2 லட்சம் வரை ஈடு கட்ட அனுமதி உண்டு. வருமானம் பூஜ்யம், மீதி 57,000 நட்டத்தை அடுத்த எட்டு ஆண்டுகளுக்குள் வரும் வீட்டு வருமானத்தோடு கழிக்கலாம். வாடகை ஏறி, வட்டி குறையும் காலத்தில் இது கைகொடுக்கும். புதிய முறையில் வீட்டு நட்டத்தை வேறு வருமானத்தோடு ஈடு கட்ட முடியாது. ஆனால் 60,000 என்பது 4 லட்ச அடிப்படை விலக்குக்குள் இருப்பதால் அங்கேயும் வரி இல்லை.

அதே ஆண்டில் அவர் 1,10,000 ரூபாய் அசலும் கட்டியிருக்கிறார். அந்தப் பணத்துக்கு இந்த ஆண்டு எந்தப் பலனும் இல்லை. கழிக்க வருமானமே மிஞ்சவில்லை, 80சி கழிவை அடுத்த ஆண்டுக்கு எடுத்துப் போகவும் வழியில்லை. வெளிநாடு வந்த பிறகு, வரிச்சலுகைக்காக என்று சொல்லி மார்ச் மாதத்தில் அவசரமாக அசலை முன்கூட்டிக் கட்டுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கடனைக் குறைப்பது நல்லது என்பதற்காகக் கட்டுங்கள். வரிக்காக என்றால், முதலில் இந்தியாவில் வரிக்குரிய வருமானம் இருக்கிறதா என்று பாருங்கள்.

இந்தக் கணக்கில் வரி பூஜ்யம்தான், ஆனால் முன்கூட்டியே பிடிபட்ட பணம் பூஜ்யம் இல்லை. அது வரித்துறையிடம் மாட்டிக்கொண்டு நிற்கிறது. உரிமையாளர் என்ஆர்ஐ என்றால் வாடகைக்கு இருப்பவர் 195-ஆம் பிரிவின்படி 31.2 சதவீதம் டிடிஎஸ் பிடித்துத்தான் வாடகை தர வேண்டும். எவ்வளவு சின்ன வாடகையாக இருந்தாலும் விலக்கு இல்லை. 3,00,000-க்கு 93,600 ரூபாய் போய்விடும். டெபாசிட் வட்டியிலும் வங்கி அதே விகிதத்தில் 18,720 பிடித்துவிடும். ஆக 1,12,320 ரூபாய். நீங்கள் ரிட்டர்ன் தாக்கல் செய்து வட்டிக் கழிவைக் கோரினால்தான் அது திரும்ப வரும். என்ஆர்ஐ-க்கு வீட்டுக் கடன் சலுகை என்பது நடைமுறையில் இந்த ரீஃபண்ட்தான்.

சிக்கல் வருவதும் இங்கேதான். உள்ளூர் உரிமையாளருக்கு மாதம் 50,000-க்கு மேல் வாடகை போனால் பிடிக்கும் 2 சதவீதம் பலருக்குத் தெரியும். என்ஆர்ஐ உரிமையாளருக்கு விதி வேறு என்பது வாடகைக்கு இருப்பவருக்கும் தெரியாது, புரோக்கருக்கும் தெரியாது. வாடகைக்கு இருப்பவர் வரி பிடிப்பவருக்கான டான் எண் வாங்க வேண்டும், பிடித்த தொகையைக் கட்ட வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை 27க்யூ படிவத்தில் கணக்குக் கொடுத்து, உங்களுக்கு 16ஏ சான்றிதழ் தர வேண்டும். பணத்தைக் கட்டிவிட்டு 27க்யூ கொடுக்காமல் விட்டால், அந்தத் தொகை உங்கள் பான் எண்ணில் ஏறாது. காலாண்டு முடிந்து ஒன்றிரண்டு மாதத்தில் வருமான வரித் தளத்தில், உங்கள் பெயரில் பிடித்த வரியைக் காட்டும் 26ஏஎஸ் பக்கத்தைத் திறந்து பாருங்கள். வாடகைக்கு இருப்பவரின் பெயரில் தொகை தெரியவில்லை என்றால் அப்போதே கேளுங்கள். ஜூலையில் ரிட்டர்ன் போடும்போது கேட்டால் அவர் வீட்டையே காலி செய்திருப்பார்.

31.2 சதவீதம் பிடிபடாமலேயே இருக்க ஒரு வழி உண்டு. 197-ஆம் பிரிவின்கீழ் படிவம் 13-ல் விண்ணப்பித்து, வாடகை, சொத்து வரி, கடன் வட்டி ஆகியவற்றின் கணக்கைக் காட்டினால், குறைந்த விகிதத்திலோ பூஜ்யமாகவோ பிடிக்கும்படி அதிகாரி சான்றிதழ் தருவார். அது அந்த நிதியாண்டுக்கு மட்டும். அதனால் ஏப்ரலிலேயே விண்ணப்பிப்பது நல்லது. வட்டி வாடகையை முழுக்க விழுங்கும் கடனின் ஆரம்ப ஆண்டுகளில் இதற்கு ஆடிட்டருக்குக் கொடுக்கும் கட்டணம் வீண் இல்லை என்பது என் கருத்து.

யார் கோரலாம் என்பதிலும் தவறு நடக்கிறது. வீட்டின் பத்திரத்திலும் பெயர் இருக்க வேண்டும், கடனிலும் பெயர் இருக்க வேண்டும், பணமும் நீங்கள் கட்டியதாக இருக்க வேண்டும். கணவர் சிங்கப்பூரில், மனைவி சென்னையில் வேலை பார்க்கிறார், இருவரும் பத்திரத்திலும் கடனிலும் இருக்கிறார்கள் என்றால், இருவரும் தங்கள் பங்கின்படி வாடகையையும் வட்டியையும் பிரித்துக் காட்ட வேண்டும். கணவருக்கு வருமானம் இல்லையே, முழு வட்டியையும் மனைவி சம்பளத்தில் கழித்துக்கொள்ளலாமே என்று செய்யக் கூடாது. மனைவி தன் பங்குத் தவணையைத் தன் கணக்கிலிருந்து கட்டுவதும் முக்கியம். கேள்வி வந்தால் காட்ட வேண்டியது அந்த வங்கிக் கணக்கைத்தான்.

கிளம்பிய ஆண்டைத் தனியாகப் பாருங்கள். ஏப்ரல் முதல் ஜூலை வரை வாங்கிய இந்தியச் சம்பளம் இருப்பதால் அந்த ஆண்டில் வட்டி, அசல் இரண்டுமே வேலை செய்யும், ஆனால் வீட்டு நட்டத்தைச் சம்பளத்தோடு ஈடு கட்டுவதும், அசலுக்கு 80சி-யும் பழைய முறையில் மட்டும்தான். "12 லட்சம் வரை வரி இல்லை" என்று செய்தியில் கேட்டதை நம்பி இருந்துவிடாதீர்கள். அது 87ஏ பிரிவின் தள்ளுபடியால் வருவது, இந்தியாவில் வசிப்பவர்களுக்கு மட்டும் உரியது. என்ஆர்ஐ-க்கு அது கிடையாது. அதனால் இரண்டு முறையிலும் கணக்குப் போட்டுப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

வீட்டை விற்றுவிடலாம் என்று யோசிக்கிறவர்களுக்கு ஒரு தேதி. சாவி கைக்கு வந்த நிதியாண்டு முடிந்து ஐந்து ஆண்டுக்குள் விற்றால், இதுவரை அசலுக்காக வாங்கிய 80சி கழிவு முழுவதும் விற்ற ஆண்டின் வருமானமாகத் திரும்ப ஏறிவிடும். 2022 ஜூனில் சாவி வாங்கியவருக்கு 2028 மார்ச் 31 வரை இந்தக் கட்டுப்பாடு உண்டு. வட்டிக்கு வாங்கிய கழிவை யாரும் திரும்பக் கேட்பதில்லை.

தாக்கல் செய்வதைப் பற்றி. என்ஆர்ஐ ஐடிஆர்-1 போடக் கூடாது. சம்பளம், வீடு, வட்டி மட்டும் உள்ளவருக்கு ஐடிஆர்-2. ஜூலை 31 கடைசி நாள். புதிய முறைதான் தானாக வந்து நிற்கும், பழைய முறை வேண்டுமென்றால் அந்தத் தேதிக்குள் போடும் ரிட்டர்னிலேயே தேர்ந்தெடுக்க வேண்டும். தாமதமாகப் போட்டால் அந்த வாய்ப்பு போய்விடும். வங்கி ஜனவரி வாக்கில் தருவது உத்தேசச் சான்றிதழ். ஏப்ரலில் இறுதிச் சான்றிதழைக் கேட்டு வாங்கி அதிலுள்ள வட்டியை எழுதுங்கள். கடன் கொடுத்த வங்கி, கடன் கணக்கு எண், கடன் அனுமதித்த தேதி, மார்ச் 31 அன்றைய பாக்கி எல்லாவற்றையும் படிவம் கேட்கிறது, சான்றிதழை அருகில் வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

ரீஃபண்ட் வருவது வருமான வரித் தளத்தில் சரிபார்க்கப்பட்ட வங்கிக் கணக்குக்கு மட்டும்தான். பழைய சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓ ஆக மாற்றியதும் தளத்தில் அதை மறுபடி சரிபார்த்துவிடுங்கள். தாக்கல் செய்து 30 நாளுக்குள் மின் சரிபார்ப்பும் முடிய வேண்டும், அதற்கு ஆதாரில் பதிந்த இந்திய எண்ணுக்குத்தான் ஓடிபி வரும். அந்த சிம் கார்டை ரீசார்ஜ் செய்து உயிரோடு வைத்திருங்கள். அது செத்துப்போயிருந்தால் நெட் பேங்கிங் வழியாகச் சரிபார்க்கலாம்.