மாணவர் எழுதிய பாட்டு வரிகளுக்கு மதிப்பெண் போடுவது எப்படி?

கோத்தகிரிப் பக்கம் எட்டாம் வகுப்பு. மெட்டுக்கு 'தந்தன தந்தன தானா' என்ற சந்தத்தைக் கொடுத்து, நாலு வரியில் பல்லவி எழுதச் சொல்கிறோம். ஒரு பிள்ளை இப்படி எழுதுகிறாள் என்று வைத்துக்கொள்வோம்:

கொட்டுது கொட்டுது தூறல்
கொய்யுது கொய்யுது கைகள்
கூடைக்குள் இருக்குது எங்கம்மா தூக்கம்
என் உயிரே என் இதயமே

1. அளவை முதலிலேயே சொல்லுங்கள். மொத்தம் 20. சந்தத்துக்கு 8, காட்சிக்கு 8, அதாவது இரண்டுக்கும் வரிக்கு 2. எதுகை மோனைக்கு 4 போதும். அதற்கு அதிகம் கொடுத்தால் பிள்ளைகள் ஓசைக்காக அகராதிச் சொற்களை அடுக்கத் தொடங்கிவிடுவார்கள்.

2. வாசிக்காமல் பாடிப் பாருங்கள். எழுத்தை எண்ணினால் ஏமாந்துபோவோம். 'கொட்' என்பதும் 'கூ' என்பதும் பாட்டில் ஒரே நீளம்தான். குறிலை ஒற்று அடைத்தால் அது நெடில் அளவுக்கு நிற்கும். முதல் இரண்டு வரிகள் சரியாக உட்காருகின்றன. மூன்றாவதில் ஒரு சீர் மிச்சம். நான்காவது மெட்டோடு சேரவே இல்லை. சந்தம் 4.

3. காட்சியைத் தேடுங்கள். முதல் இரண்டு வரிகளை மலையில் யாரும் எழுதலாம், வரிக்கு 1. மூன்றாவது வரி இந்தப் பிள்ளை மட்டுமே எழுதக்கூடியது. சந்தம் உடைந்திருந்தாலும் இங்கே முழு 2 தர வேண்டும். நான்காவது எந்தப் பாட்டிலும் ஒட்டும் வரி, அதற்கு 0. காட்சி 4. கொ, கொ, கூ என மூன்று வரிகளில் மோனை வந்திருப்பதால் 3. ஆக மொத்தம் 11.

4. குறிப்பு எழுதுங்கள். 'அருமை, இன்னும் முயற்சி செய்' என்றால் அவளுக்கு எதுவும் புரியாது. இப்படி எழுதலாம்: "கூடைக்குள் தூக்கம் இருக்கிறது என்று பார்த்திருக்கிறாய், அதை விட்டுவிடாதே. அந்த வரியைக் கைதட்டிப் பாடு. எந்தச் சொல் துருத்துகிறது? கடைசி வரியில் அம்மாவைக் காணோமே, அவர் எத்தனை மணிக்கு எழுவார்?"

திருத்திய வரியை நாமே எழுதிக் கொடுக்கவே கூடாது. கொடுத்தால் அடுத்த பாட்டிலும் நம்மைத்தான் எதிர்பார்ப்பாள்.

5. இரண்டாம் படிக்கு மறுபடி மதிப்பெண் போடுங்கள். அந்தக் கேள்விகளுக்கு விடையாகக் கடைசி இரண்டு வரிகள் இப்படி மாறி வரலாம்:

கூடை சுமக்குது தூக்கம்
நாலு மணிக்கெழும் அம்மா

'கூடைசு மக்குது தூக்கம்' என்று பிரித்துப் பாடினால் சந்தம் தெரியும். நடுவில் வரும் 'டை' குறுகி ஒலிக்கும். சந்தம் 8, காட்சி 6, மோனை 3, மொத்தம் 17. 'தூறல்' வரியில் அவள் தோட்டத்துக்கே உரிய எதையாவது கொண்டுவரும்வரை மீதிக் காட்சி மதிப்பெண்ணை விட்டுக்கொடுக்காதீர்கள். 11, 17 இரண்டையும் தாளில் அடுத்தடுத்து எழுதிக் கொடுங்கள்.