இங்க்ஸ்கேப்பில் கட்-அவுட்டை லோகோவாக்கும்போது: வெள்ளை வேறு, ஓட்டை வேறு

கறுப்புக் காகிதத்தில் ஒரு பறவை வெட்டியிருக்கிறீர்கள், கண் இருக்கும் இடத்தில் சின்ன வட்ட ஓட்டை. அதை வெள்ளைத் தாளில் வைத்து போட்டோ எடுத்து, இங்க்ஸ்கேப்பில் போட்டு லோகோவாக மாற்ற வேண்டும். பின்னணியும் இருக்கக்கூடாது, கண் வழியாகவும் பின்னால் இருப்பது தெரிய வேண்டும். வேலை என்னவோ ஐந்து நிமிட வேலைதான், ஆனால் இதில் விழுகிற குழிகள் பெரும்பாலும் ஒரே குழப்பத்திலிருந்து வருகின்றன: திரையில் வெள்ளையாகத் தெரிவதையெல்லாம் ‘ஒன்றுமில்லை’ என்று நினைத்துக்கொள்வது.

முதல் தவறு, ட்ரேஸ் செய்ததும் வேலை முடிந்தது என்று நம்புவது. Path > Trace Bitmap போய் Apply அழுத்தினால் எதுவுமே நடக்காத மாதிரி இருக்கும். உண்மையில் புது வெக்டர் வடிவம் அந்தப் போட்டோவின் மேலேயே, இம்மி பிசகாமல் வந்து உட்கார்ந்திருக்கும். போட்டோ அடியில் அப்படியே இருக்கிறது. அப்படியே ஏற்றுமதி செய்தால் வெள்ளைத் தாளும் சேர்ந்தே வரும், அப்புறம் ‘பின்னணி போகவே இல்லையே’ என்று புலம்ப வேண்டியதுதான். மேலே இருப்பதை இழுத்து ஓரமாக வைத்துவிட்டு, கீழே இருப்பதைக் கிளிக் செய்து நிலைப்பட்டையைப் பாருங்கள். Image என்று வந்தால் போட்டோ, அழித்துவிடலாம். Path என்று வருவதுதான் உங்களுக்கு வேண்டியது.

அடுத்தது Threshold. ஒரே நிறக் கட்-அவுட்டுக்கு Brightness cutoff போதும். அந்த எண்ணைவிட இருட்டாக இருக்கும் புள்ளிகள் எல்லாம் வடிவத்துக்குள் போகும், வெளிச்சமானவை விடுபடும், அவ்வளவுதான் கணக்கு. தொடக்கத்தில் 0.45 இருக்கும். காகிதம் லேசாகத் தூக்கிக்கொண்டு நின்றால் விளிம்பில் சாம்பல் நிழல் விழும். அந்த நிழல் வெட்டுக்கு வெகு அருகில் கொஞ்சம் இருட்டாகவே இருப்பதால், எண்ணை 0.6, 0.7 என்று ஏற்ற ஏற்ற நிழலும் பறவையோடு ஒட்டிக்கொள்ளும், கண் ஓட்டையும் சுருங்கும். 0.3 பக்கம் இறக்கிப் பாருங்கள், நிழல் தனியாகக் கழன்றுவிடும். ரொம்ப இறக்கினால் பளபளப்பான காகிதத்தில் வெளிச்சம் பட்ட இடங்கள் பொத்தலாகும். கண் ஓட்டையை வைத்தே அளந்துகொள்ளுங்கள்: அது உண்மையான அளவில் வட்டமாக வருகிறதா என்று பார்த்தால் மற்ற விளிம்புகளும் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். தூசுப் புள்ளிகளுக்கு Speckles எண்ணைக் கூட்டினால் போதும், ஆனால் தாறுமாறாகக் கூட்டினால் சின்னக் கண்ணையும் தூசு என்று நினைத்துத் துடைத்துவிடும்.

இப்போது கண் விஷயம். இதில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். இரண்டே நிறம்தானே என்று Multicolor பக்கம் போனால் வெள்ளையும் ஒரு நிறமாகக் கணக்கில் வந்து, தனி வடிவமாக நிற்கும். பார்க்க அச்சு அசல் ஓட்டை மாதிரியே இருக்கும், ஆனால் அது வெள்ளைப் பெயின்ட். லோகோவை ஒரு சிவப்பு டி-ஷர்ட் மேல் வைக்கும்போதுதான் பறவை முழிக்கும். கண்டுபிடிக்கச் சுலபமான வழி: ஒரு சிவப்புச் செவ்வகம் வரைந்து End விசையை அழுத்துங்கள், அது எல்லாவற்றுக்கும் அடியில் போகும். கண் வழியாகச் சிவப்பு தெரிந்தால் ஓட்டை, வெள்ளையாகவே இருந்தால் பெயின்ட். பெயின்ட் என்றால் Object > Ungroup செய்து, வெள்ளை வடிவத்தை மட்டும் தேர்ந்து அழித்துவிடுங்கள். மிஞ்சுகிற கறுப்புப் பறவையில் கண் ஓட்டையாகவே இருக்கும். என்னைக் கேட்டால், ஒரே நிற லோகோவுக்கு Multicolor பக்கமே போகாதீர்கள், Single scan தானாகவே உண்மையான ஓட்டை போட்டுத் தருகிறது.

அந்த ஓட்டையையும் கெடுக்க ஒரு வழி இருக்கிறது: Break Apart. ஒட்டிக்கொண்ட தூசைப் பிரிக்க இதை அழுத்தினால் கண்ணும் ஒரு தனி வடிவமாகி, கறுப்பின் மேல் கறுப்பாக மறைந்துபோகும். பயப்படாமல் தூசை மட்டும் அழித்து, பறவையையும் கண்ணையும் சேர்த்துத் தேர்ந்து Path > Combine கொடுங்கள், ஓட்டை திரும்பி வரும்.

நேர்மாறான சிக்கலும் உண்டு. ஏற்கெனவே பின்னணி நீக்கிய பிஎன்ஜி, ஆனால் உருவம் வெள்ளை. ட்ரேஸ் செய்தால் ஒன்றுமே வராது, ஏனென்றால் இங்க்ஸ்கேப் ட்ரேஸ் செய்யும்போது வெற்றிடத்தை வெள்ளையாகவே எடுத்துக்கொள்கிறது, வெள்ளையில் வெள்ளையை எப்படிப் பிரிப்பது? அடியில் கறுப்புச் செவ்வகம் வைத்து, இரண்டையும் தேர்ந்து Edit > Make a Bitmap Copy எடுங்கள். அந்த நகலை Invert image டிக் செய்து ட்ரேஸ் செய்தால் உருவம் வந்துவிடும்.

கடைசியாக ஏற்றுமதி. பக்கம் வெள்ளையாகத் தெரிவதைப் பார்த்து யாரும் குழம்ப வேண்டாம், அது பக்கத்தின் நிறம் மட்டும்தான். Document Properties போய் Checkerboard டிக் செய்தால் உண்மை நிலவரம் தெரியும். பிஎன்ஜியாகவோ எஸ்விஜியாகவோ எடுங்கள். ஜேபெக்கில் எடுத்தால் இவ்வளவு பாடுபட்டு வெட்டிய கண்ணில் மறுபடி நிறம் நிரம்பிவிடும், அந்த வடிவத்தில் வெற்றிடத்தைச் சேமிக்க வழியே கிடையாது.