அப்பாவோட தடிச்ச கால் நகத்தை வெட்டின கதை
அப்பாவுக்கு கண்ணு சரியா தெரியாது, ஆனா நகத்தை அவரே தடவிப்பார்த்து வெட்டிக்குவாரு, ஒரு நாள் சாக்ஸ்ல ரத்தக்கறையை பார்த்துட்டு தான் இனிமே நான் வெட்டறேன்னு வாங்கிக்கிட்டேன். கட்டைவிரல் நகம் மஞ்சளா ஓடு மாதிரி தடிச்சிருந்துச்சு, சாதா நெயில்கட்டர் வாய்க்குள்ள அது போகவே இல்ல, அழுத்தினா நகம் பிளக்குது.

அப்புறம் புடிபட்ட வழி இதான். வெதுவெதுப்பான தண்ணில 10 நிமிஷம் காலை ஊற வச்சு (சூட்டை நான் தான் தொட்டு பாப்பேன்) விரல் இடுக்கு வரைக்கும் துடைச்சுட்டு, தடிச்ச நகத்துக்குன்னே இருக்கற நீளக் கைப்பிடி கட்டரால ஓரத்துல இருந்து துளித்துளியா, நேரா வெட்டணும். ஒரே வெட்டுல முடிக்க பாத்தா போச்சு. மூலையை வளைச்சு உள்ள நோண்டினா நகம் சதைக்குள்ள வளரும், அப்பாவுக்கு ரத்தம் வந்ததே அதனால தான். நகத்தோட தடிமனை நக அரத்தால ஒரே திசையில தேய்ச்சு கொஞ்சம் கொஞ்சமா குறைக்கலாம், ஒரே நாள்ல வேண்டாம். நகத்துக்கு அடில சதை எங்க ஒட்டியிருக்குன்னு டார்ச் அடிச்சு பார்த்துக்குவேன், அவரு காலை இழுத்தா உடனே நிறுத்திடுவேன்.

ஆனா அம்மா காலை நான் தொடறதில்ல. சுகர் இருக்கு, பாதம் மரத்துப்போச்சு, வெட்டுப்பட்டாலும் வலிக்காது, புண்ணு சீக்கிரம் ஆறாது, அதனால பாத டாக்டர் கிட்ட தான். ரத்த ஓட்டம் கம்மியா இருக்கறவங்க, ரத்தத்தை இளக்கற மாத்திரை சாப்பிடறவங்களும் அப்படியே. நகத்தோரம் சிவந்து வீங்கினாலோ, சீழ் வந்தாலோ, நகத்துக்கடியில புதுசா கருப்பு தெரிஞ்சாலோ யாரா இருந்தாலும் கட்டரை கீழ வச்சுடுங்க, டாக்டர் பாக்கட்டும்.