டி2 பிளாக், எம்1 பிளாக்: ரிவிஷன்ல மார்க் போற இடங்கள்

ஆன்டிசைக்கோட்டிக், ஆன்டிடிப்ரசன்ட் மருந்துகளோட சைடு எஃபெக்டை, அது எந்த ரிசெப்டரை அடைக்குதுன்னு ரிசெப்டர் வாரியா படிக்கிறது நல்ல வழிதான், ஹெச்1னா தூக்கம், வெயிட் கெய்ன், ஆல்ஃபா1னா எழுந்து நின்னா பிபி இறங்கும், எம்1 அதாவது மஸ்கரினிக்னா வாய் வறட்சி, மலச்சிக்கல், யூரின் அடைப்பு, இதெல்லாம் சீக்கிரம் மனசுல நின்னுடும். நிறைய பேர் சறுக்குறது டோபமின் ரிசெப்டரான டி2லதான், அதுவும் இபிஎஸ்ஸை, அதாவது டி2 பிளாக்கால வர்ற அசைவுக் கோளாறுகளை, ஒரே விஷயமா நெனச்சு எல்லாத்துக்கும் மஸ்கரினிக்கை அடைக்கிற ட்ரைஹெக்ஸிஃபெனிடில்னு எழுதுறப்போ.

ஸ்ட்ரையேட்டம்ல டோபமின் அசிட்டைல்கோலினை அடக்கி வச்சிருக்கும். அங்க டி2வை சுமார் 80 சதவீதத்துக்கு மேல அடைச்சா அந்தப் பிடி விட்டுப்போய் அசிட்டைல்கோலின் கை ஓங்கும், இபிஎஸ் ரிஸ்க் ஏறும். ஹாலோபெரிடால் டி2வை இறுக்கமா பிடிக்கும், மஸ்கரினிக் பிளாக் ரொம்பக் கம்மி, அதனாலதான் அதுல இபிஎஸ் அதிகம். குளோர்ப்ரோமசின்லயே கொஞ்சம் மஸ்கரினிக் பிளாக் இருக்கிறதால அதுல கம்மி.

ஒரு கேஸ் எடுத்துக்கோங்க. 22 வயசு பையன், ஹாலோபெரிடால் ஆரம்பிச்சு ரெண்டாவது நாள் கழுத்து ஒரு பக்கமா முறுக்கிக்குது, கண்ணு மேல போய் நிக்குது. இது அக்யூட் டிஸ்டோனியா, ப்ரோமெத்தசின் ஊசி போட்டா கொஞ்ச நேரத்துலயே விடும் (அதுக்கும் மஸ்கரினிக் பிளாக் உண்டு, வெறும் ஆன்டிஹிஸ்டமின்னு மட்டும் நெனச்சுடாதீங்க). ரெண்டு வாரம் கழிச்சு அதே பையன் ஒரு இடத்துல உக்கார முடியாம நடந்துட்டே இருக்கான், இதை சைக்கோசிஸ் கூடிடுச்சுன்னு நெனச்சு டோஸ் ஏத்துறதுதான் மோசமான தப்பு, ஏன்னா இது அகதிசியா, டோஸ் ஏத்தினா இன்னும் மோசமாகும். "உள்ளுக்குள்ள ஒரு தவிப்பு இருக்கா, நடந்தா கொஞ்சம் நல்லா இருக்கா"ன்னு அவன்கிட்டயே கேளுங்க, ஆமான்னா டோஸைக் குறைக்கணும், ப்ரோப்ரனோலால் யோசிக்கணும்.

அதே மருந்து வருஷக்கணக்கா ஓடி வாய், நாக்கு தானா அசைய ஆரம்பிச்சா டார்டிவ் டிஸ்கைனீசியா. இங்க கதையே தலைகீழ், ரொம்ப நாள் அடைபட்டுக் கிடந்த டி2 சூப்பர்சென்சிட்டிவ் ஆயிடுச்சுன்னுதான் பொதுவா விளக்குறாங்க, அதனால ட்ரைஹெக்ஸிஃபெனிடில் குடுத்தா அசைவு கூடத்தான் செய்யும். ஆன்டிசைக்கோட்டிக் டோஸை ஏத்தினா தற்காலிகமா அடங்கின மாதிரி தெரியும், அது வெறும் மறைப்பு. முடிஞ்சா மருந்தை நிறுத்தணும் இல்ல குளோசபின் மாதிரி ஒண்ணுக்கு மாத்தணும், வால்பெனசின் மாதிரி விமேட்2 தடுப்பானும் இருக்கு.

ஆன்டிடிப்ரசன்ட் பக்கம் ஒரே ஒரு தப்பு சொல்றேன், அமிட்ரிப்டிலின் ஓவர்டோஸ்ல உயிர் போறதை எம்1 மேல போடுறது. கண்மணி விரியுறது, காய்ஞ்ச தோல் எல்லாம் எம்1தான், ஆனா இதயத்தைக் கெடுக்கிறது ஃபாஸ்ட் சோடியம் சேனல் பிளாக், அது ரிசெப்டர் டேபிள்லயே வராது. ஈசிஜில க்யூஆர்எஸ் 100 மில்லிசெகண்டைத் தாண்டுதான்னு பாருங்க, அப்படின்னா சோடியம் பைகார்பனேட், ஃபைசோஸ்டிக்மின் வேண்டவே வேண்டாம்.