குழுவில் இத்தனை நாள் காணோமே என்றால்: என்ன சொல்வது, எங்கே நிறுத்துவது

மனம் சோர்ந்திருக்கும் ஒருவர் வாட்ஸ்அப் குழுவிலிருந்து முடிவெடுத்து விலகுவது அபூர்வம். ஒரு பிறந்தநாள் வாழ்த்தை நாளைக்குப் போடலாம் என்று விடுவார். மறுநாள் தாமதமாகப் போடச் சங்கடமாக இருக்கும். அப்புறம் குழுவை மியூட் செய்வார், பிறகு ஆர்க்கைவுக்குள் தள்ளுவார். சில மாதம் கழித்து மனசு கொஞ்சம் தெளிந்த பிறகும் உள்ளே வர முடியாது. 'எங்கடி போன?' என்று கேட்டால் என்ன சொல்வது என்ற தயக்கம், சோர்வு போன பின்னும் கூடவே நிற்கும். அந்தத் தயக்கத்தில் எழுதும் முதல் செய்தியில்தான் நிறைய தவறுகள் நடக்கின்றன.

ஒரு குழுவை எடுத்துக்கொள்வோம். திருச்சியில் கல்லூரி ஹாஸ்டலில் ஒன்றாக இருந்த பதினைந்து பெண்கள். இப்போது ஆளுக்கொரு ஊர். அதில் ஒருத்தி மூன்று மாதமாக எட்டிப் பார்க்கவில்லை. அதற்குள் ஒரு தோழிக்குக் குழந்தை பிறந்துவிட்டது, இன்னொருத்தியின் அப்பா தவறிவிட்டார், டிசம்பரில் எல்லோரும் சந்திப்பதாகப் பேச்சும் ஓடுகிறது. ஒருநாள் நள்ளிரவு தாண்டி அவள் இப்படி எழுதுகிறாள் என்று வைத்துக்கொள்வோம்:

"சாரிடி எல்லாருக்கும். மூணு மாசமா நான் நானாவே இல்ல. ராத்திரி தூக்கமில்ல, ஆபீஸ் பாத்ரூம்ல போய் அழுதிருக்கேன். அவருக்கும் எனக்கும் தினம் சண்டை. அம்மாவுக்கும் புரியல. டாக்டர் மாத்திரை குடுத்திருக்காங்க. நீங்களும் யாரும் ஒரு வார்த்தை கேக்கல. நான் ஒரு மோசமான ஃப்ரெண்டு, மன்னிச்சிடுங்க. இனிமே தினமும் வந்துடுவேன்."

ஒவ்வொரு வரியும் உண்மைதான். உயிர்த்தோழியிடம் நேரில் உட்கார்ந்து சொல்லியிருந்தால் இதில் ஒரு வார்த்தை கூட அதிகமில்லை. ஆனால் இது பதினான்கு பேர் முன்னால் வைக்கப்படுகிறது. அவர்களில் மூன்று பேர்தான் அவளுக்கு நெருக்கம். மற்றவர்களில் ஒருத்தி கணவர் வழி உறவாகவும் இருக்கலாம், இன்னொருத்தி அவளுடைய அலுவலகத்தில் யாருக்காவது தெரிந்தவளாகவும் இருக்கலாம். நெருங்கிய ஒருவருக்குச் சொல்ல வேண்டியதையும் குழுவுக்குச் சொல்ல வேண்டியதையும் ஒரே செய்தியில் போட்டதுதான் இங்கே முதல் தவறு. மற்ற தவறுகள் பெரும்பாலும் இதிலிருந்து வருபவை.

கணவரோடு சண்டை, அம்மாவுக்குப் புரியவில்லை என்பதெல்லாம் அவளுடைய கதை மட்டுமல்ல. அந்த இருவரும் அந்தக் குழுவில் இல்லை, தங்கள் பக்கத்தைச் சொல்லவும் முடியாது. டிசம்பரில் எல்லோரும் குடும்பத்தோடு வந்தால், அவள் கணவரைப் பார்க்கும் பதினான்கு பேர் மனதிலும் அந்த வரி இருக்கும். அதற்குள் வீட்டில் சமாதானம் ஆகியிருந்தாலும் அதைப் போய் யாரும் திருத்தப் போவதில்லை. இன்னொருவர் பெயர் வரும் காரணங்களைக் குழுவில் எழுதவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

மாத்திரையைப் பற்றிய வரி வேறு வகையில் சிக்கல். அதைப் படித்ததும் அக்கறையோடுதான் பதில் வரும்: "அதெல்லாம் பழக்கமாயிடும்டி, நிறுத்திடு." "என் நாத்தனாருக்கும் இதே மாதிரிதான், யோகா போனா சரியாயிடுச்சு." மனச்சோர்வுக்கான மாத்திரைகளை டாக்டரைக் கேட்காமல் திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், தூக்கக்கேடு, பதற்றம் வரலாம், சோர்வும் திரும்பலாம். ஏற்கெனவே தடுமாறிக்கொண்டிருப்பவரைப் பத்துத் திசையிலிருந்து வரும் அறிவுரை அசைத்துவிடும். சிகிச்சையில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் மருந்து விவரத்தைக் குழுவில் சொன்னால் அது விவாதப் பொருளாகிவிடும்.

'யாரும் கேக்கல' என்பது வலியிலிருந்து வரும் வார்த்தை. குழுவில் அது குற்றச்சாட்டாகத்தான் விழும். பதினைந்து பேரில் ஒருத்தி பேசாமல் இருப்பது உடனே கண்ணில் படாது, வேறு யாராவது விசாரித்திருப்பார்கள் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொள்வார்கள். உண்மையிலேயே மனத்தாங்கல் இருந்தால், யாரிடம் எதிர்பார்த்தாளோ அந்த ஒருத்தியிடம் தனியாகச் சொல்லலாம். 'நான் மோசமான ஃப்ரெண்டு' என்பதும் இதே போலத்தான். படித்த அத்தனை பேரும் "ஐயோ அப்படியெல்லாம் இல்லடி" என்று தேற்ற வேண்டியதாகிறது. தேற்றிய ஒவ்வொருவருக்கும் பதில் போட வேண்டியதாகிறது. பேசவே தெம்பில்லாதவருக்கு இது பெரிய வேலை. 'இனிமே தினமும் வருவேன்' என்ற வாக்கையும் விட்டுவிடலாம். சோர்வு ஏறி இறங்கித்தான் போகும். அடுத்த வாரமே மறுபடி அமைதியாகிவிட்டால், சொன்ன சொல்லைக் காப்பாற்றவில்லையே என்ற உறுத்தல் புதிதாகச் சேர்ந்துகொள்ளும்.

நேரமும் கவனிக்க வேண்டியது. தூக்கம் வராத இரவில் எழுதுவது காலையில் அதிகமாகத் தெரியும். வாட்ஸ்அப்பில் அனுப்பியதைத் திருத்த 15 நிமிடம்தான். எல்லோருக்கும் சேர்த்து நீக்க இரண்டு நாளுக்கு மேல் அவகாசம் உண்டு என்றாலும், செய்தி நீக்கப்பட்டது என்ற தடம் அங்கேயே கிடக்கும். அதைப் பார்த்துத்தான் கேள்வியே கிளம்பும். அதற்குள் யாராவது ஸ்கிரீன்ஷாட் எடுத்திருந்தால் அதுவும் நம் கையில் இல்லை. இரவில் எழுதினால் போன் நோட்ஸில் வைத்துவிட்டு, மறுநாள் பகலில் படித்துப் பார்த்து அனுப்பலாம்.

இதற்கு நேர் எதிரான தவறு பொய்க் காரணம். போன் தொலைந்துவிட்டது, டைபாய்டு, ஆபீஸில் ஆடிட். அந்த நிமிடத்துக்கு எளிதாகத் தப்பித்துவிடலாம். ஆனால் நம் ஊரில் டைபாய்டு என்றால் எந்த ஆஸ்பத்திரி, எத்தனை நாள், இப்போது என்ன சாப்பிடுகிறாய் என்று விசாரணை நீளும். போன் தொலைந்தது என்றால், அந்த மாதத்தில் அவள் வைத்த ஸ்டேட்டஸைப் பார்த்தவர்கள் இருப்பார்கள். சொன்ன பொய்யை நினைவில் வைத்துக்கொண்டு பேச வேண்டும் என்பதே மறுபடி குழுவுக்கு வராமல் இருக்க இன்னொரு காரணமாகிவிடும்.

பொய்யும் வேண்டாம், முழு விவரமும் வேண்டாம் என்றால், உண்மையில் ஒரு துண்டை மட்டும் எடுத்துச் சொல்லலாம். மனச்சோர்வு உடம்பிலும் தெரியும். தூக்கம் கெடும், சாப்பாடு இறங்காது, எப்போதும் அசதியாக இருக்கும். அத்தையும் சித்தப்பாவும் இருக்கும் குடும்பக் குழுவில் "கொஞ்ச நாளா தூக்கம் சரியில்ல அத்தை, ரொம்ப அசதியா இருந்துச்சு, அதான் பேசல" என்றால் அதில் பொய் எதுவும் இல்லை. அத்தை சுற்றிப்போடச் சொல்வார், சொல்லட்டும், சரி அத்தை என்று விட்டுவிடலாம். தோழிகள் குழுவில் இன்னொரு படி திறந்து பேசலாம்.

அந்த ஹாஸ்டல் தோழி மறுநாள் பகலில் உட்கார்ந்து மாற்றி எழுதினால் இப்படி வரும்:

"ஹாய்டி எல்லாரும். கொஞ்ச மாசமா மனசு ரொம்ப சோர்வா இருந்துச்சு, அதான் இந்தப் பக்கம் வரல. இப்போ பரவாயில்ல, மெதுவா தேறிட்டு வரேன். பழைய மெசேஜ் எல்லாம் படிக்க முடியல, எனக்குத் தெரிய வேண்டியது ஏதாவது இருந்தா சொல்லுங்க. டிசம்பர் தேதி முடிவாயிடுச்சா?"

மனசு சோர்வு என்று சொன்னாள், ஏன் என்று சொல்லவில்லை. 'மனசு சரியில்ல' என்று மட்டும் எழுதி நிறுத்தியிருந்தால் "என்னடி ஆச்சு?" என்று வரிசையாகக் கேள்வி வந்திருக்கும். இப்போது எப்படி இருக்கிறாள் என்பதையும் சேர்த்துச் சொன்னதால் கேள்வி பாதியாகக் குறையும். பழைய செய்திகளைப் படிக்கவில்லை என்று சொன்னதற்கும் காரணம் உண்டு. நீல டிக்கை அணைத்து வைத்திருந்தாலும் குழுவில் அது செல்லாது, யார் படித்தார்கள் என்று செய்தி விவரத்தில் தெரியும். படித்தும் பதில் போடவில்லையே என்று யாரும் நினைக்காமல் இந்த வரி பார்த்துக்கொள்ளும். கடைசியில் உள்ள கேள்வி எல்லாவற்றையும் விட உதவியானது. படிப்பவர்களுக்குப் பதில் சொல்ல ஒரு விஷயம் கிடைக்கிறது, பேச்சு அவளை விட்டு டிசம்பருக்குப் போய்விடுகிறது.

இந்தச் செய்தியில் மன்னிப்பு இல்லை என்பதைக் கவனியுங்கள். குழுவிடம் அது தேவையில்லை. ஆனால் அப்பாவை இழந்த தோழியிடம் தேவை, அதுவும் தனியாக. குழுவில் அந்தச் செய்தியைத் தேடிப் பிடித்து, மூன்று மாதம் கழித்து அதன் கீழே ஆழ்ந்த இரங்கல் போடுவது அவளைப் புண்படுத்தக்கூடும். போன் செய்ய வேண்டும். அழைத்ததும் தன் சோர்வைப் பற்றி ஆரம்பித்தால், துக்கத்தில் இருப்பவள் இவளைத் தேற்றும்படி ஆகிவிடும். முதலில் அப்பாவைப் பற்றிக் கேட்க வேண்டும்: "அப்பா விஷயம் இப்பதான்டி பாத்தேன். அந்த நேரத்துல நான் கூட இல்லாமப் போயிட்டேன், மன்னிச்சிடு. எப்படி ஆச்சு?" அவள் பேசி முடித்து, நீ எங்கே போனாய் என்று கேட்டால் அப்போது சொல்லலாம். குழந்தை பெற்றவளுக்கு ஒரு சின்ன வாய்ஸ் மெசேஜ் போதும். மற்ற வாழ்த்துகளையெல்லாம் தேடிப்போய்ப் போட வேண்டியதில்லை. இரண்டு வாரம் மட்டும் காணாமல் போனவர் என்றால் இந்த விளக்கமே தேவையில்லை, நடக்கும் பேச்சில் சேர்ந்துகொண்டால் போதும்.

இன்னும் தேறவில்லை என்றால் 'பரவாயில்ல' என்று எழுதக் கூடாது. "இன்னும் முழுசா சரியாகல, அப்பப்ப வரேன், பதில் லேட்டானா தப்பா எடுத்துக்காதீங்க" என்று சொல்லலாம். சோர்வு இரண்டு வாரத்துக்கு மேலாக அநேகமாகத் தினமும், நாளின் பெரும்பகுதி இருக்கிறது என்றால் டாக்டரைப் பார்க்க வேண்டிய நேரம் அது. உயிரை விடலாமா என்ற எண்ணம் வந்தால் அதைக் குழுவில் எழுதிவிட்டுக் காத்திருக்க வேண்டாம், எல்லோரும் தூங்கிக்கொண்டிருக்கலாம். நம்பிக்கையான ஒருவரை உடனே போனில் அழைக்க வேண்டும், அல்லது இந்தியாவில் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416, இலங்கையில் தேசிய மனநல உதவி எண் 1926 இரண்டும் எந்த நேரமும் கிடைக்கும்.

செய்தி போன பிறகு ஒருத்தியாவது தனியாக வந்து கேட்பாள்: "என்னடி, வீட்ல ஏதாவது பிரச்சினையா?" குழுவில் அடக்கமாக எழுதிவிட்டு இங்கே வழுக்குபவர்கள் நிறையப் பேர். கேட்டது அந்த மூன்று பேரில் ஒருத்தி என்றால் தாராளமாகச் சொல்லலாம், "இது உன்கூடவே இருக்கட்டும்" என்று மட்டும் சேர்த்துக்கொள்ள வேண்டும், அவளாக ஊகிப்பாள் என்று விடக் கூடாது. அவ்வளவு நெருக்கம் இல்லாதவள் என்றால், "கேட்டதுக்கு நன்றிடி. இப்போதைக்கு அதப் பத்திப் பேசற மனநிலை இல்ல. உன் பையனுக்கு ஸ்கூல் அட்மிஷன் கிடைச்சுதா?" மறுபடி கேட்டால் அதே வரியை இன்னொரு முறை சொல்லலாம். புதிதாக ஒரு காரணம் தேட வேண்டாம், ஒவ்வொரு புதுக் காரணமும் அடுத்த கேள்விக்கு இடம் கொடுக்கும்.