எம்சாண்ட் சல்லடை டெஸ்ட்: Cu பெருசா வந்தா உடனே "நல்ல மணல்"னு எழுதிடாதீங்க

பெங்களூர்ல இப்போ சைட்டுக்கு வர்ற மணல்ல பெரும்பாலும் எம்சாண்ட் தான், ஆத்து மணல்னு கேட்டாலே சப்ளையர் சிரிப்பாரு. பிரச்சனை என்னன்னா நம்ம லேப்ல சல்லடை டெஸ்ட் பண்ற பழக்கம் மட்டும் இன்னும் ஆத்து மணல் காலத்துலயே நிக்குது. ஓவன்ல காய வச்சு, சீவை அடுக்கி, ஷேக்கர்ல பத்து நிமிஷம் ஆட்டி, எடை போட்டு, கர்வ் வரைஞ்சு, Cu எழுதிட்டு கிளம்பிடுவோம். கழுவுன மாதிரி வர்ற ஆத்து மணலுக்கு இது ஓரளவு ஓடும். கல்லை உடைச்சு வந்த மணலுக்கு ஓடாது, ஏன்னா அதுல இருக்கிற கல் பவுடர் தனியா சும்மா கிடக்காது, பெரிய மணிகள் மேல பூசின மாதிரி ஒட்டிக்கிட்டு இருக்கும்.

வைட்ஃபீல்ட் பக்கம் ஒரு பேஸ்மென்ட் ரிடெய்னிங் வால். சுவருக்குப் பின்னாடி தண்ணி வடியுறதுக்கு மணல் போடணும். கான்கிரீட்டுக்கு வந்த எம்சாண்டையே அங்கயும் போட்டுடலாமான்னு கேள்வி. 500 கிராம் எடுத்து காய வச்சு அப்படியே உலர்வா சலிச்சாங்க. அதே குவியல்ல இருந்து கால் கால்னு பிரிச்சு எடுத்த இன்னொரு 500 கிராமை 75 மைக்ரான் சீவ் மேல தண்ணி விட்டு கழுவி, திரும்ப காய வச்சு சலிச்சாங்க. கழுவுன அப்புறம் மிஞ்சினது 452 கிராம். ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாருங்க:

| சல்லடை | உலர்வா தங்கினது (கி) | கழுவி தங்கினது (கி) | உலர்வா கடந்தது % | கழுவி கடந்தது % |
|---|---|---|---|---|
| 4.75 மி.மீ | 15 | 15 | 97 | 97 |
| 2.36 மி.மீ | 85 | 80 | 80 | 81 |
| 1.18 மி.மீ | 110 | 105 | 58 | 60 |
| 600 மைக்ரான் | 105 | 98 | 37 | 40.4 |
| 300 மைக்ரான் | 85 | 74 | 20 | 25.6 |
| 150 மைக்ரான் | 60 | 50 | 8 | 15.6 |
| 75 மைக்ரான் | 30 | 28 | 2 | 10 |
| பேன் | 10 | 2 | – | – |

உலர்வா சலிச்சதுல கூட்டுத்தொகை சரியா 500 வருது. அதனால யாருக்கும் சந்தேகமே வராது. எடை கூட்டிப் பார்க்கிற செக் மணல் கீழே கொட்டினதையும் சீவ் அடுக்குல இருந்து வெளிய போனதையும் தான் பிடிக்கும், ஒரு மணி தப்பான சீவ்ல உட்கார்ந்து இருக்கிறதை அது பிடிக்காது. ஐ.எஸ். 383 படி ஜோன் பார்த்தாலும் ரெண்டு கர்வும் ஜோன் 2 தான் (150 மைக்ரான்ல 15.6 வந்தாலும் உடைச்ச கல் மணலுக்கு 20 வரை விட்டு வச்சிருக்காங்க). ஆக ரிப்போர்ட்டை மேலோட்டமா பார்த்தா ரெண்டுமே பாஸ்.

இப்போ Cu. D60னா மணல்ல 60 சதவீதம் கடக்குற அளவு, D10னா 10 சதவீதம் கடக்குற அளவு. D60-ஐ D10 ஆல வகுக்கணும், அவ்வளவு தான். உலர்வா பண்ணதுல D60 1.26 மி.மீ, D10 0.168 மி.மீ, Cu 7.5. கழுவினதுல D60 1.18 மி.மீ, D10 நேரா 0.075 மி.மீ, Cu 15.7. D60 கிட்டத்தட்ட அசையவே இல்ல, D10 பாதிக்கும் கீழ போயிடுச்சு. Cu இரட்டிப்பானதுக்கு முழுக் காரணமும் அந்த டஸ்ட் தான்.

இங்க தான் முதல் பெரிய தப்பு. ஐ.எஸ். 1498ல மணலுக்கு Cu 6க்கு மேல, கர்வோட வளைவைச் சொல்ற Cc 1ல இருந்து 3க்குள்ள இருந்தா நல்லா கிரேட் ஆனதுன்னு சொல்றதை மனசுல வச்சுக்கிட்டு, Cu ஏற ஏற மணல் நல்லதுன்னு நெனச்சுக்கிறாங்க. Cu சொல்றது மணிகளோட அளவு எவ்ளோ அகலமா பரவி இருக்குன்னு மட்டும் தான், சுத்தமா இருக்கா, தண்ணி விடுமாங்கறது வேற விஷயம். பவுடர் சேர்ந்தாலும் பரவல் அகலமாகும், Cu ஏறும். தண்ணி எவ்ளோ வேகமா வடியும்னு தீர்மானிக்கிறதுல பெரிய பங்கு D10க்கு, அதுவும் தோராயமா அதோட வர்க்கத்துல. 0.168க்கும் 0.075க்கும் உள்ள விகிதத்தை வர்க்கப்படுத்தினா அஞ்சு மடங்கு. (இந்த வர்க்கக் கணக்கைச் சொல்ற ஹேசன் ஃபார்முலா சுத்தமான, ஒரே சீரான மணலுக்கு வந்தது, அதனால இந்த மணலுக்கு அதுல வர்ற எண்ணை அப்படியே நம்பாதீங்க, எந்தப் பக்கம் போகுதுன்னு பார்க்க மட்டும் போதும்.) அதாவது Cu 15.7 உள்ள மணல் தான் அந்தச் சுவருக்குப் பின்னாடி மோசமா வடியும்.

அதே மணல் கான்கிரீட்டுக்குன்னா கதை வேற. உடைச்ச கல் மணல்ல 75 மைக்ரானுக்குக் கீழ 15 சதவீதம் வரை ஐ.எஸ். 383 ஒத்துக்குது, 10 சதவீதம் அங்க பிரச்சனை இல்ல. சாம்பிள் எங்க போடப் போறாங்கன்னு தெரியாம Cu-வைப் பார்த்து நல்லது கெட்டது சொல்றது வீண் வேலை.

உலர்வா சலிச்சது போதுமா இல்லையான்னு லேப்லயே ரெண்டு நிமிஷத்துல தெரிஞ்சுக்கலாம். ஷேக்கர் நின்னதும் 600 மைக்ரான் சீவ்ல தங்கின மணல்ல ஒரு சிட்டிகை எடுத்து விரல்ல தேய்ங்க, விரல்ல சாம்பல் நிறத்துல மாவு ஒட்டுச்சுன்னா அது சலிக்கப்படல. இன்னும் சந்தேகமா இருந்தா அதுல ஒரு ஸ்பூன் கண்ணாடி டம்ளர்ல தண்ணி ஊத்திப் போட்டு ஒரு கலக்கு கலக்குங்க. 600 மைக்ரான்ல தங்கின மணிகள் உடனே அடியில உட்கார்ந்து மேல தண்ணி தெளிவா நிக்கணும், மோர் மாதிரி வெளுத்துச்சுன்னா கழுவாம விட்டது எவ்ளோன்னு நீங்களே பார்த்துட்டீங்க. "இன்னும் அஞ்சு நிமிஷம் ஷேக்கர் ஓட்டுனா சரியாயிடும் சார்"னு அசிஸ்டன்ட் தம்பி சொல்வாப்ல, ஒட்டுன பவுடர் ஆட்டி வராது, தண்ணி தான் எடுக்கும்.

சரி, கழுவியாச்சு. இதுக்கப்புறம் வர்ற தப்பு தான் எனக்கு ரொம்ப எரிச்சல், ஏன்னா வேலையெல்லாம் ஒழுங்கா பண்ணிட்டு கடைசி வகுத்தல்ல கோட்டை விடுறது. கழுவி காய வச்ச 452 கிராமை சீவ்ல போடுறோம் இல்லையா, ஷீட்ல மொத்த எடைன்னு அந்த 452-ஐயே போட்டுடுவாங்க. போட்டா 75 மைக்ரான் கடந்தது 0.4 சதவீதம்னு வரும், D10 0.185, D60 1.34, Cu 7.2. பாருங்க, கழுவாதப்ப வந்த 7.5க்குப் பக்கத்துலயே வந்து நிக்குது, அதனால "ரெண்டு டெஸ்டும் ஒத்துப் போகுது"ன்னு சந்தோஷமா கையெழுத்தும் ஆயிடும். சாக்கடையில போன 48 கிராமும் அந்த மணலோட பங்கு தான். வகுக்கிற எண் எப்பவும் கழுவுறதுக்கு முன்னாடி காய வச்ச 500, கழுவுனதுல போன 48ம் பேன்ல விழுந்த 2ம் சேர்த்து 50, அதான் 10 சதவீதம். கழுவுறதுக்கு முன்னாடி ஓவன்ல காய வைக்காம ஈரத்தோட 500 எடுத்துட்டா இந்தக் கணக்கே கந்தல், தண்ணியோட எடையெல்லாம் பவுடர் கணக்குல ஏறிடும்.

இந்த சாம்பிள்ல கர்வ் சரியா 10 சதவீதத்துல முடியுது, அதனால D10 படிக்க முடிஞ்சுது. அடுத்த லோடுல 13 சதவீதம் வந்தா? கர்வோட வாலை ஸ்கேல் வச்சு கீழ இழுத்து D10 0.05னு எழுதுறவங்க நிறைய பேர் இருக்காங்க. 75 மைக்ரானுக்குக் கீழ கர்வ் எப்படி வளையும்னு சல்லடைக்குத் தெரியாது, அங்க ஹைட்ரோமீட்டர் வைக்கணும், இல்லன்னா "D10 75 மைக்ரானுக்குக் கீழ, Cu தரப்படல"ன்னு எழுதிட்டு விட்டுடணும். ஐ.எஸ். 1498லயே 12 சதவீதத்தைத் தாண்டினா Cu பார்த்து வகைப்படுத்துறது கிடையாது, அந்தப் பொடி மண்ணோட குணத்தைத் தான் பார்ப்பாங்க. அஞ்சுல இருந்து பன்னெண்டு வரை ரெட்டைப் பெயர், நம்ம கழுவின சாம்பிள் Cc 1.54ஓட SW-SM மாதிரி வரும், அதாவது நல்லா கிரேட் ஆன, ஆனா பொடி கலந்த மணல். உலர்வா சலிச்சதுக்கு Cc 0.96, அதை 1.0னு ரவுண்ட் பண்ணி SWன்னு எழுதுறதும் நடக்கும்.

கர்வ் வரையுறதுல எக்ஸெல் தான் வில்லன். லைன் சார்ட் போட்டா சீவ் அளவுகளை அது வெறும் பேரா எடுத்துக்கிட்டு சம இடைவெளியில அடுக்கிடும். மேல உள்ள சீவ் வரிசை கிட்டத்தட்ட பாதி பாதியா குறையுறதால பார்க்க லாக் ஸ்கேல் மாதிரியே இருக்கும், தப்பு தெரியாது. ஒரு 425 மைக்ரானோ, ஜல்லிக்கு 16, 12.5 மி.மீ சீவோ நடுவுல நுழைஞ்சதும் கர்வ்ல இல்லாத வளைவு வந்துடும். ஸ்கேட்டர் சார்ட் போட்டு கிடைமட்ட அச்சை லாக் ஆக்கிடுங்க. கண்ணால படிக்கிறதை விட ரெண்டு சீவுக்கு நடுவுல லாக்ல கணக்கு போடுறது நல்லது. உலர்வா சலிச்சதோட D10 இப்படி:

```
=10^(LOG10(0.15)+(10-8)/(20-8)*(LOG10(0.3)-LOG10(0.15)))
```

விடை 0.168. சாதா விகிதத்துல போட்டா 0.175 வரும், இங்க பெரிய வித்தியாசம் இல்ல, ஆனா சீவ் இடைவெளி பெருசா இருந்தா வித்தியாசமும் பெருசாகும். இன்னொன்னு, Cu பார்க்கிறது கர்வ்ல ரெண்டே ரெண்டு புள்ளி. நடுவுல 600ல இருந்து 1.18 வரைக்கும் மணியே இல்லாம கர்வ் படுத்துக் கிடந்தாலும் Cu அழகா 12ன்னு சொல்லும். Cc-யையும் பாருங்க, அதை விட முக்கியமா கர்வையே கண்ணால பாருங்க.

கடைசியா ஜல்லியும் மணலும் கலந்த சாம்பிள். 10 கிலோ எடுத்து 4.75ல 6 கிலோ தங்கி 4 கிலோ கீழ போகுதுன்னு வைங்க, அந்த 4 கிலோவையும் சின்ன சீவ்ல கொட்டினா 75 மைக்ரான் சீவோட வலை தொங்கிடும், அதனால 500 கிராம் பிரிச்சு சலிப்போம். அந்த 500 கிராம்ல 600 மைக்ரானைக் கடந்தது 37 சதவீதம்னா மொத்த சாம்பிளுக்கு அது 37 இல்ல, 0.4ஆல பெருக்கி 14.8. இதை மறந்தா 4.75ல 40ன்னு முடிஞ்ச கர்வ் அதுக்கு அடுத்த சீவ்ல திடீர்னு 80க்கு மேல ஏறும். சல்லடை சின்னதாக சின்னதாக கடக்குற சதவீதம் கூடவே கூடாது, அப்படி ஒரு ஏத்தம் கர்வ்ல தெரிஞ்சா மணலைத் திரும்ப சலிக்கப் போகாம முதல்ல அந்தப் பெருக்கலைத் தேடுங்க.